மீட்பு மின்னஞ்சலே செத்துக் கிடந்தால்: பூட்டுச் சங்கிலியை எந்தக் கண்ணியில் அறுப்பது

ஜிமெயில் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. குறியீட்டை யாஹூ முகவரிக்கு அனுப்புகிறேன் என்கிறது கூகுள். யாஹூவைத் திறக்கப் போனால், அதன் குறியீடு பழைய கம்பெனி மின்னஞ்சலுக்குப் போகும் என்கிறது. அந்தக் கம்பெனியை விட்டு வந்து பத்து வருடம் ஆயிற்று. யாஹூவில் இன்னொரு மீட்பு முகவரியும் இருக்கிறது, ஆனால் அது நாம் திறக்கப் பார்க்கும் அதே ஜிமெயில். பீரோ சாவி பெட்டிக்குள், பெட்டிச் சாவி பீரோவுக்குள்.

பெங்களூரில் இருக்கும் தமிழர்களிடம் இந்தச் சங்கிலி அடிக்கடி அகப்படுவதற்குத் தெளிவான காரணம் உண்டு. ஊரில் படிக்கும்போது யாஹூவோ ரீடிஃப்மெயிலோ திறந்திருப்பார்கள். வேலை தேடும்போது ஜிமெயில் திறந்து, அதற்கு மீட்பாக யாஹூவைக் கொடுத்திருப்பார்கள். எலக்ட்ரானிக் சிட்டியில் முதல் வேலை கிடைத்ததும், தினமும் பார்க்கும் முகவரி என்று கம்பெனி மின்னஞ்சலை யாஹூவில் சேர்த்திருப்பார்கள். கைபேசி எண்ணாக ஊரில் வாங்கிய ஏர்செல் சிம்மைக் கொடுத்திருப்பார்கள். 2018 தொடக்கத்தில் ஏர்செல் திவாலாகிச் சேவை முடங்கியபோது, எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளாதவர்கள் அதை இழந்தார்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. கைபேசி தொலைந்து புதுக் கைபேசியில் ஜிமெயில் பாஸ்வேர்ட் கேட்கும் நாளில்தான், பின்னால் இருந்த ஒவ்வொரு கதவும் மூடிக் கிடப்பது தெரிகிறது.

இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு சங்கிலியையே எடுத்துக்கொள்கிறேன்: ஜிமெயில், அதற்குப் பின்னால் யாஹூ, அதற்குப் பின்னால் பழைய கம்பெனி மின்னஞ்சல், இரண்டுக்கும் பொதுவாக ஏர்செல் எண். உங்கள் சங்கிலியில் பெயர்கள் மாறலாம். அறுக்கும் முறை மாறாது.

முதலில் செய்யக் கூடாதவை

பதற்றத்தில் செய்யும் சில காரியங்கள், மிச்சமிருக்கும் வழியையும் அடைத்துவிடும். எங்காவது ஒரு பழைய கைபேசியிலோ டேப்லெட்டிலோ அந்தக் கணக்கு இன்னும் லாகின் ஆகியிருந்தால், அதை லாக் அவுட் செய்யாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். திரை உடைந்த கைபேசியாக இருந்தாலும் திரையை மாற்றிப் பாருங்கள். திறந்திருக்கும் ஒரு லாகின், பத்து மீட்பு முகவரிகளுக்குச் சமம்.

ஊர் வீட்டில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பும் அப்படித்தான். அதன் குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ சேமித்த பாஸ்வேர்டுகள் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அந்தக் கணினியின் விண்டோஸ் பாஸ்வேர்டும் மறந்துபோயிருந்தால், எஸ்.பி. ரோட்டிலோ ஊர்க் கடையிலோ கொடுத்து ஏதாவது டூல் போட்டு அழிக்கச் சொல்லிவிடாதீர்கள். குரோம் சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகளை விண்டோஸ் மறையாக்கம் செய்து வைக்கிறது. அந்த மறையாக்கத்தின் சாவி, பயனரின் விண்டோஸ் பாஸ்வேர்டிலிருந்துதான் வருகிறது. பழைய பாஸ்வேர்டைக் கொடுத்து மாற்றினால் விண்டோஸ் சாவியையும் சேர்த்து மாற்றிக்கொள்ளும். வெளியிலிருந்து பலவந்தமாக அழித்தால் கணினி திறக்கும், கோப்புகள் தெரியும், சேமித்த பாஸ்வேர்டுகள் மட்டும் படிக்க முடியாதவையாகிவிடும். கடைக்காரர்மேல் பிழையில்லை, அவரிடம் நாம் கேட்டது கணினியைத் திறந்து தரச் சொல்லி மட்டும்தான். வீட்டுக் கணினிகள் பலவற்றில் விண்டோஸ் பாஸ்வேர்டே இருக்காது என்பது இங்கே நமக்கு நல்லது.

இன்னொன்று, தொடர்ந்து முயற்சி செய்வது. பத்து நிமிடத்தில் பத்து முறை மீட்புப் பக்கத்தை ஓட்டினால், கணக்கைத் திருட வந்தவன் செய்வதைத்தான் நீங்களும் செய்கிறீர்கள் என்று அந்தப் பக்கத்தில் உள்ள முறைமை எடுத்துக்கொள்ளும். பிறகு சரியான பதில் கொடுத்தாலும் சில மணி நேரம் கழித்து வா என்று திருப்பி அனுப்பும். ஒரு நாளைக்கு ஒரு முயற்சி, அதையும் எல்லாத் தகவலையும் கையில் வைத்துக்கொண்டு செய்வது போதும்.

நான்காவதாக, கூகுளின் வாடிக்கையாளர் சேவை எண் எது என்று தேடாதீர்கள். இலவச ஜிமெயில் கணக்கை மீட்டுத் தர ஆள் பேசும் எண் கிடையாது. பெங்களூரில் கூகுள் அலுவலகம் இருக்கிறதே, ஆதாரை எடுத்துக்கொண்டு நேரில் போகலாமே என்றால் அதற்கும் வழியில்லை. தேடலில் வரும் எண்கள் மோசடிக்காரர்களுடையவை. அவர்கள் திரையைப் பகிரும் ஆப் ஒன்றை ஏற்றச் சொல்வார்கள், மின்னஞ்சலோடு வங்கிக் கணக்கும் போகும். ஏமாந்து பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

சங்கிலியைக் காகிதத்தில் வரைவது

ஒரு தாளில் ஒவ்வொரு கணக்கையும் ஒரு கட்டமாகப் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும், அதன் மீட்புக் குறியீடு எங்கே போகிறதோ அங்கே ஓர் அம்புக்குறி. நினைவிலிருந்து வரையாதீர்கள், பத்து வருடத்துக்கு முன் எதைக் கொடுத்தோம் என்பதில் நினைவு பெரும்பாலும் தவறும். கணக்கையே கேளுங்கள். g.co/recover பக்கத்தில் ஜிமெயில் முகவரியைக் கொடுத்து, "Try another way" என்பதை அழுத்திக்கொண்டே போனால், மீட்பு எண்ணின் கடைசி இலக்கங்களும் மீட்பு முகவரியின் முதல் எழுத்துகளும் புள்ளிகளுக்கு நடுவே தெரியும். குறியீட்டை அனுப்பும் பொத்தானை அழுத்தாமல் அதைக் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள். யாஹூவுக்கு login.yahoo.com/forgot பக்கம் இதையே காட்டும்.

இப்படி வரைந்த தாளில் நமது சங்கிலி எப்படி இருக்கும்? ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கும் ஏர்செல் எண்ணுக்கும் அம்புகள். யாஹூவிலிருந்து ஜிமெயிலுக்கும் கம்பெனி முகவரிக்கும் ஏர்செல் எண்ணுக்கும் அம்புகள். ஜிமெயிலும் யாஹூவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. அந்த வட்டத்துக்குள் எத்தனை முறை சுற்றினாலும் வெளியே வர முடியாது. வட்டத்திலிருந்து வெளியே போகும் அம்புகள் இரண்டுதான்: கம்பெனி முகவரி, ஏர்செல் எண். இனி வேலை அந்த இரண்டில்தான்.

நமக்கு வேண்டியது ஜிமெயில் என்பதால் எல்லோரும் ஜிமெயிலையே முட்டுகிறார்கள். இந்த வரைபடம் அந்தப் பழக்கத்தை மாற்றுகிறது. மின்னஞ்சலை நம்பாமல் வேறு ஏதாவது ஒன்றால், ஒரு சிம்மாலோ, ஒரு மனிதராலோ, ஓர் அடையாள அட்டையாலோ திறக்கக்கூடிய கண்ணி எது என்று கண்டுபிடித்து, சங்கிலியின் அந்தக் கடைசியிலிருந்து உள்நோக்கி வர வேண்டும்.

செத்தது என்றால் எப்படிச் செத்தது?

செத்துப்போன கணக்கு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வெவ்வேறு நிலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

முதல் நிலை, கணக்கு உயிரோடிருக்கிறது, நம்மால்தான் திறக்க முடியவில்லை. அதற்கு அனுப்பும் கடிதங்கள் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. இரண்டாவது, கணக்கு மூடப்பட்டுவிட்டது, அனுப்பினால் திரும்பி வரும். யாஹூவில் 12 மாதம் லாகின் செய்யாவிட்டால் பெட்டியில் இருப்பவை அழிக்கப்படும். கூகுள் 2 வருடம் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியை 2023 மே மாதம் அறிவித்து, அந்த வருடம் டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியது. மைக்ரோசாஃப்ட்டும் 2 வருடத்துக்கு ஒரு முறையாவது லாகின் கேட்கிறது. மூன்றாவது நிலைதான் ஆபத்தானது: முகவரியோ எண்ணோ இப்போது வேறொருவர் கையில் இருக்கிறது. 2013-இல் யாஹூ, ஒரு வருடத்துக்கு மேல் பயன்படாத பெயர்களைப் புதியவர்களுக்குக் கொடுத்தது. அதனால் பழைய உரிமையாளர்களுக்கு வர வேண்டிய பாஸ்வேர்ட் குறியீடுகள் புதியவர்களுக்குப் போகும் சிக்கல் எழுந்தது. ஜிமெயிலில் இது நடக்காது. நீக்கிய ஜிமெயில் பெயரைக் கூகுள் யாருக்கும் மறுபடி தருவதில்லை, பழைய உரிமையாளருக்கும் கூட.

எந்த நிலை என்று தெரிந்துகொள்ள, திறந்திருக்கும் வேறொரு கணக்கிலிருந்து அந்த முகவரிக்கு "சோதனை" என்ற ஒரு சொல்லோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். சொந்த விவரம் எதுவும் வேண்டாம். சில நிமிடங்களில் திரும்பி வந்தால், அதற்குள் இருக்கும் எண்ணைப் படியுங்கள். 550 5.1.1 என்று இருந்தால் அப்படி ஒரு பெயரே அங்கே இல்லை. 5.2.1 என்றால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. 4.2.2 அல்லது 5.2.2 என்றால் பெட்டி நிரம்பி வழிகிறது. இந்தக் கடைசி நிலை பலருக்குத் தெரியாமலே குறியீட்டைத் தடுக்கிறது. கூகுள் அனுப்பிவிட்டேன் என்று சொல்லும், பெட்டி நிரம்பியதால் அது உள்ளே போயிருக்காது. கடிதம் திரும்பி வராவிட்டால் இரண்டு நாள் பொறுங்கள், தற்காலிகத் தடை என்றால் அனுப்பும் பக்கம் திரும்பத் திரும்ப முயன்றுவிட்டுத்தான் செய்தி சொல்லும். அதற்குப் பிறகும் மௌனமாக இருந்தால் முகவரி கடிதத்தை ஏற்றுக்கொண்டது என்று பொருள். ஏற்றுக்கொண்டது நம்முடைய பெட்டிதானா என்பது இந்தச் சோதனையால் தெரியாது.

கம்பெனி முகவரிக்கு இன்னொரு சோதனை உண்டு. கணினியில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, கீழே example.com இருக்கும் இடத்தில் அந்த முகவரியில் @ குறிக்குப் பின் உள்ள பகுதியை, அதாவது டொமைனைப் போடுங்கள்.

```
nslookup -type=mx example.com
```

பதிலில் google.com என்று முடியும் பெயர்கள் வந்தால் அந்த நிறுவனத்தின் மின்னஞ்சல் கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருக்கிறது. mail.protection.outlook.com என்று முடிந்தால் மைக்ரோசாஃப்ட் 365. "Non-existent domain" என்று வந்தால் டொமைனே காலாவதியாகிவிட்டது. கம்பெனி வேறொன்றோடு இணைந்து பெயர் மாறியிருந்தாலும், வாடிக்கையாளர் கடிதங்கள் தவறக் கூடாது என்பதற்காகப் பழைய டொமைனைப் பல வருடம் வைத்திருப்பார்கள். நம்பிக்கை இங்கேதான் பிறக்கிறது.

எண்ணின் பக்கம்

ஏர்செல் எண்ணை முதலில் பார்த்துவிடுவோம், இது சீக்கிரம் முடிவாகும். 2018-இல் அந்த எண்ணை வீட்டில் யாராவது வேறு நிறுவனத்துக்கு மாற்றியிருக்கலாம். அப்பாவோ அத்தையோ ஒரு பட்டன் கைபேசியில் இன்னும் வைத்திருக்கலாம், ஊருக்கு ஒரு அழைப்புப் போட்டுக் கேளுங்கள். சிம் தொலைந்து எண் மட்டும் உயிரோடு இருந்தால், சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் நிறுவனத்தின் கடைக்கு அடையாள அட்டையோடு நேரில் போய் மாற்றுச் சிம் வாங்க வேண்டும். புதுச் சிம் இயங்கத் தொடங்கிய பின் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. சிம் மோசடியைத் தடுக்க வைத்த விதி அது. அது தெரியாமல் அன்றைக்கே குறியீடு கேட்டு, வரவில்லை என்று மறுபடி மறுபடி கேட்டு முயற்சிகளைத் தீர்த்துவிடாதீர்கள்.

sancharsaathi.gov.in தளத்தில் உங்கள் தற்போதைய எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால், உங்கள் பெயரில் எந்தெந்த இணைப்புகள் இருக்கின்றன என்று காட்டும். பழைய எண்ணின் இலக்கங்கள் அந்தப் பட்டியலில் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

எண்ணை யாரும் மாற்றவில்லை என்றால் அது நம் கையை விட்டுப் போயிற்று. இந்தியாவில் துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாள் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, பிறகு புதியவருக்குக் கொடுக்கலாம். அழைத்துப் பார்த்து வேறொருவர் எடுத்தால், அவரிடம் "அண்ணா, இது முன்னாடி என் நம்பர், ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். முகம் தெரியாதவருக்கு ஓடிபி சொல்லக் கூடாது என்று அவருக்கு எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள், அவர் மறுப்பதுதான் சரி. நாம் எடுத்துக்கொண்ட சங்கிலியில் இந்த அம்பு இப்படி அறுந்துபோய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் கம்பெனி முகவரி.

கம்பெனி முகவரியின் பக்கம்

பழைய கம்பெனியில் என் மெயில் பெட்டியை எப்போதோ அழித்திருப்பார்கள், இனி என்ன செய்வது என்று பெரும்பாலானவர்கள் இங்கே நின்றுவிடுகிறார்கள். பெட்டி அழிந்தது உண்மைதான். வொர்க்ஸ்பேஸில் நீக்கிய பயனரை 20 நாளுக்குள், மைக்ரோசாஃப்ட் 365-இல் 30 நாளுக்குள் மட்டுமே திரும்பக் கொண்டுவர முடியும். ஆனால் நமக்கு அந்தப் பழைய பெட்டி தேவையே இல்லை. யாஹூ இன்றைக்கு அனுப்பப்போகும் ஒரே ஒரு கடிதம் அந்த முகவரியில் வந்து இறங்க வேண்டும், அவ்வளவுதான். டொமைனை வைத்திருக்கும் நிறுவனத்தின் ஐடி அட்மின், அந்தப் பழைய முகவரியைத் தன் பெட்டிக்கு ஒரு மாற்றுப்பெயராக, அவர்கள் மொழியில் ஏலியாஸாக, சேர்த்தால் போதும். கடிதம் அவர் பெட்டிக்கு வரும். இரண்டு நிமிட வேலை, காசும் ஆகாது. பத்து வருடம் ஆகியிருந்தாலும் இது நடக்கும்.

அட்மினைப் பிடிப்பதுதான் கடினம். நிறுவனத்தின் பொது முகவரிக்கு எழுதினால் பதில் வராது. இன்னும் அங்கே வேலை செய்யும் பழைய சக ஊழியர் ஒருவர் மூலம் எச்ஆரை அணுகி, எச்ஆர் வழியாக ஐடிக்குப் போவதுதான் நடைமுறையில் பலிக்கும் பாதை. கோரிக்கை குறுகியதாக, அவர்களுக்கு எந்த அபாயமும் இல்லை என்று தெரியும்படி இருக்க வேண்டும். பழைய ஊழியர் எண், வேலையில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, ரிலீவிங் கடிதத்தின் நகல், ஓர் அடையாள அட்டை நகல் இவற்றை இணையுங்கள். கேட்பது இதுதான் என்று சொல்லுங்கள்: "என் பழைய முகவரியை ஒரு மணி நேரத்துக்கு உங்கள் பெட்டியில் ஏலியாஸாக வையுங்கள். யாஹூவிலிருந்து ஒரே ஒரு குறியீடு வரும். அதைத் தொலைபேசியில் எனக்குப் படித்துச் சொல்லிவிட்டு ஏலியாஸை நீக்கிவிடுங்கள். பழைய கடிதங்கள் எதுவும் எனக்கு வேண்டாம்." கடைசி வாக்கியம் முக்கியம். நிறுவனத்தின் பழைய தரவைக் கேட்கிறார் என்ற எண்ணம் வந்துவிட்டால் கோப்பு சட்டப் பிரிவுக்குப் போய்விடும், பிறகு திரும்பி வராது.

ஏலியாஸ் சேர்த்ததும் கடிதம் வர சிறிது நேரம் பிடிக்கலாம். அதனால் முதலில் ஒரு சோதனைக் கடிதம் அனுப்பி, வந்ததா என்று அட்மினிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். அவர் தொலைபேசியில் இருக்கும்போதே யாஹூவின் மீட்புப் பக்கத்தில் கம்பெனி முகவரியைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். குறியீடுகள் சீக்கிரம் காலாவதியாகும், மதியம் கேட்டுவிட்டு மாலையில் வாங்கிக்கொள்ள முடியாது. முன்னதாகவே ஒன்றிரண்டு முறை கேட்டிருந்தால், கடைசியாக வந்ததை மட்டும் படிக்கச் சொல்லுங்கள்.

டொமைனே காலாவதியாகியிருந்தால்? அது உங்கள் சொந்தப் பெயரில் இருந்த டொமைன் என்றால், தயங்காமல் மறுபடி பதிவு செய்யுங்கள். வேறு யாரும் வாங்காதவரை, ஒரு வருடத்துக்கான கட்டணத்தைக் கட்டி, அதில் எந்தப் பெயருக்கு வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் பெட்டி ஒன்றை அமைத்தால் குறியீடு வந்துவிடும். ஆனால் மூடிப்போன ஒரு கம்பெனியின் டொமைனை நீங்கள் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். அங்கே வேலை செய்த அத்தனை பேருடைய மீட்புக் கடிதங்களும், சம்பள அறிவிப்புகளும் அன்றிலிருந்து உங்கள் பெட்டியில் விழும். உங்கள் ஒரு கணக்குக்காக மற்றவர்களின் கதவுகளைத் திறந்து வைப்பது நியாயமில்லை. இதே காரணத்தால்தான் உங்கள் பழைய கம்பெனி டொமைனை வேறு யாராவது வாங்குவதும் உங்களுக்கு ஆபத்து.

யாஹூ திறந்தது, அடுத்து?

யாஹூ உள்ளே போனதும் கடிதங்களைப் படிக்க உட்காராதீர்கள். முதல் வேலை, கணக்குப் பாதுகாப்புப் பக்கத்தில் இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் எண்ணைச் சேர்த்து உறுதிசெய்வது. இரண்டாவது, புதுப் பாஸ்வேர்ட். அதற்குப் பிறகுதான் ஏர்செல் எண்ணையும் கம்பெனி முகவரியையும் நீக்க வேண்டும். வரிசை மாறிப் பழையதை முதலில் நீக்கி, நடுவில் இணைப்பு அறுந்தால் மறுபடி தெருவில் நிற்க நேரிடும்.

பெட்டியே காலியாக இருக்கலாம். 12 மாதம் கடந்திருந்தால் பழைய கடிதங்கள் போயிருக்கும். பரவாயில்லை, இப்போது வேண்டியது புதிதாக வரப்போகும் ஒரு கடிதம். வேறு முகவரியிலிருந்து சோதனைக் கடிதம் அனுப்பி, வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பேம் பகுதியையும் பாருங்கள்.

இப்போது g.co/recover. இதைப் புதுக் கைபேசியில், அலுவலக வைஃபையில், விபிஎன் வழியாகச் செய்யாதீர்கள். அந்தக் கணக்கை வழக்கமாகப் பயன்படுத்திய கணினி, வழக்கமான பிரவுசர், வழக்கமான வீட்டு இணைப்பு, இவை மூன்றும் சேர்ந்தால் கூகுள் எளிதில் நம்பும். கடைசியாக நினைவிருக்கும் பாஸ்வேர்டைக் கேட்டால், உறுதியாகத் தெரியாவிட்டாலும் மிக அருகில் இருப்பதைக் கொடுங்கள். தவறான ஊகம் உங்களை வெளியே தள்ளாது, தவிர்த்துவிட்டுப் போவதைவிட ஊகிப்பதே நல்லது என்று கூகுளே சொல்கிறது. மீட்பு முகவரி யாஹூ என்று வந்ததும் குறியீட்டை அனுப்பச் சொல்லுங்கள். இந்த முறை அதைப் படிக்க உங்களால் முடியும்.

குறியீடு சரியாக இருந்தும் கூகுள் உடனே திறக்காமல், சில மணி நேரமோ சில நாளோ காத்திருக்கச் சொல்லலாம். தொடர்புக்கு ஒரு முகவரி கேட்டால், இன்று திறக்கக்கூடிய ஒன்றைக் கொடுங்கள். வீட்டில் இருக்கும் ஒருவரின் மின்னஞ்சலாகவும் இருக்கலாம். காத்திருக்கும் நாட்களில் மறுபடி மீட்பு முயற்சியைத் தொடங்காதீர்கள்.

ஜிமெயில் திறந்த பிறகு ஒரு நுட்பம் இருக்கிறது. மீட்பு எண்ணையும் முகவரியையும் மாற்றினாலும், அடுத்த 7 நாள் வரை பழைய எண்ணுக்கோ பழைய முகவரிக்கோ குறியீடு அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் வைத்திருக்கக்கூடும். திருடன் புகுந்து எண்ணை மாற்றினால் உண்மையான உரிமையாளர் மீட்க வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. நம் விஷயத்தில் அந்தப் பழைய எண் இப்போது முகம் தெரியாத ஒருவருடையது. அதனால் அந்த வாரத்தில் பாதுகாப்பு எச்சரிக்கைக் கடிதங்களைத் தினமும் பாருங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கைரேகையாலோ திரைப் பூட்டாலோ உள்ளே விடும் பாஸ்கீயைக் கைபேசியில் அமைத்து, 8 இலக்கங்கள் கொண்ட 10 காப்புக் குறியீடுகளையும் அச்செடுத்து, ரேஷன் கார்டும் பத்திரமும் இருக்கும் கோப்பில் வையுங்கள். அந்தக் குறியீடுகளைப் படமெடுத்து அதே ஜிமெயிலில் சேமித்தால் இன்னொரு வட்டம் தொடங்குகிறது.

சங்கிலியில் ஹாட்மெயில் இருந்தால்

மைக்ரோசாஃப்ட் மட்டும் மின்னஞ்சலும் எண்ணும் இல்லாமல் ஒரு வழி வைத்திருக்கிறது, அதனால் அது சங்கிலியில் எங்கேயாவது இருந்தால் அங்கிருந்து தொடங்குவதும் நல்லது. account.live.com/acsr என்ற படிவம் அது. அண்மையில் கடிதம் அனுப்பிய முகவரிகள், அந்தக் கடிதங்களின் பொருள் வரிகள், நீங்கள் உருவாக்கிய ஃபோல்டர்களின் பெயர்கள், பழைய பாஸ்வேர்டுகள் ஆகியவற்றைக் கேட்கும். உங்களுக்கு நினைவிருக்காது, ஆனால் நீங்கள் யாருக்கு எழுதினீர்களோ அவர்கள் பெட்டியில் எல்லாம் இருக்கும். தம்பியிடமோ கல்லூரி நண்பரிடமோ கேட்டு, உங்கள் முகவரியிலிருந்து வந்த கடிதங்களின் பொருள் வரிகளை எழுத்துப் பிசகாமல் வாங்கிக்கொண்டு பிறகு படிவத்தை நிரப்புங்கள். பதில் வழக்கமாக 24 மணி நேரத்துக்குள் வரும். ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் நிரப்ப முடியும், அதனால் அரைகுறையாக அனுப்பாதீர்கள். அந்தக் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பு இயங்கிக்கொண்டிருந்தால் இந்தப் படிவம் உதவாது.

எந்த அம்பும் வெளியே போகாவிட்டால்

சில சங்கிலிகள் உடையாது. எண் வேறொருவரிடம், டொமைன் காலாவதி, பழைய கைபேசி இல்லை, யாஹூ கணக்கு மூடப்பட்டது, மீட்பாகக் கொடுத்த ஜிமெயில் நீக்கப்பட்டது என்றால், மற்ற சேவைகளிலிருந்து அந்தக் கணக்கைத் துண்டிப்பதில் நேரத்தைச் செலவிடுங்கள். இந்தியாவில் முக்கியமான பல சேவைகள் மின்னஞ்சலைவிட எண்ணையும் ஆதாரையும் நம்புகின்றன, அது இங்கே கைகொடுக்கும். வங்கியில் மின்னஞ்சலை மாற்றக் கிளைக்கு நேரில் போய் விண்ணப்பம் கொடுக்கலாம். வருமான வரித் தளத்தில் ஆதார் ஓடிபி மூலம் பாஸ்வேர்டை மாற்றி, உள்ளே போய் முகவரியை மாற்றலாம். முதலில் வங்கி, பிறகு வரி, பிறகு காப்பீடு, கடைசியில் மற்றவை என்ற வரிசை போதும். பழைய முகவரிக்கு ஓடிபி போகும் சேவை எது மிச்சம் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்ட கணக்கானாலும் புதுக் கணக்கானாலும், மீட்பு முகவரியாக உங்களுடைய இன்னொரு கணக்கைக் கொடுக்காமல், வீட்டில் ஒருவர் தினமும் திறக்கும் கணக்கைக் கொடுங்கள். அவருடைய மீட்பு முகவரி உங்களுடையதாக இருந்தால் அதை மாற்றுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒரே நாளில் கைபேசியைத் தொலைத்தால் மறுபடி வட்டம்தான். கம்பெனி மாறுகிறவர்கள், ரிலீவிங் நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஜிமெயில், யாஹூ, வங்கி, லிங்க்ட்இன் எல்லாவற்றிலும் அலுவலக முகவரியைத் தேடி நீக்கிவிடுங்கள். கடைசி நாள் மாலை ஐடி துறை லாகினை முடக்கும் நேரம் நமக்கு முன்கூட்டித் தெரியாது.